குழுவாகப் பேசும்போது யார் தொடங்குவது, யார் முடிப்பது: முழுமையான வழிகாட்டி

நான்கு பேர் சேர்ந்து 20 நிமிடம் பேச வேண்டும் என்றால் வரிசை பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. நன்றாகப் பேசுகிறவர் முதலில். மற்றவர்கள் அவரவர் செய்த வேலையின் வரிசையில். யாருக்குக் கூச்சம் அதிகமோ அவர் கடைசியில். "நீ கடைசியில ரெண்டு வரி சொல்லி முடிச்சிடு, போதும்" என்று அவரைச் சமாதானமும் செய்துவிடுவார்கள்.

குழுக்களின் ஒத்திகைகளில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். இந்த வரிசை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் உடைகிறது: கடைசி மூன்று நிமிடம். முன்னால் பேசியவர்கள் நேரத்தைத் தின்றிருப்பார்கள். கேட்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். "எங்களுக்கு இதற்கு ஒப்புதல் வேண்டும்" என்று கேட்க வேண்டிய வரி அங்கேதான் இருக்கும். அதைச் சொல்ல நிற்பவரோ, குழுவிலேயே அதிகம் நடுங்குகிறவர்.

இதில் சொல்வது 3 முதல் 5 பேர் பேசும், 15 முதல் 30 நிமிடம் வரையிலான பேச்சுக்குப் பொருந்தும். கேட்பவர்களிடம் ஒரு முடிவையோ மதிப்பெண்ணையோ எதிர்பார்க்கும் பேச்சு, இறுதியில் கேள்வி நேரம் உண்டு என்று வைத்துக்கொள்வோம்.

நான் கூட இருந்து பார்த்த ஒரு குழுவையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். ஒரு கிடங்கின் இருப்புக் கணக்கைப் பார்க்கும் பழைய மென்பொருளை மாற்ற நிர்வாகத்திடம் ஒப்புதல் கேட்டார்கள். நான்கு பேர்: குழுத் தலைவி, நிரலாளர், கிடங்கில் ஒரு வாரம் நின்று வேலையைக் கவனித்த கள ஆய்வாளர், செலவுக் கணக்கு போட்ட கணக்காளர். பேச்சுக்கு 20 நிமிடம், கேள்விக்கு 10 நிமிடம்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று பொருள் போதும். முதலாவது, பேச்சு முழுவதையும் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிய ஒரு தாள். இரண்டாவது, கேட்பவர்கள் கேட்கக்கூடிய கேள்விகளின் பட்டியல். ஏழெட்டு இருந்தால் போதும். மூன்றாவது, ஒலிப்பதிவு செய்ய ஒரு கைபேசி.

ஸ்லைடுகள் இப்போது வேண்டாம். ஸ்லைடு தயாரானதும் "நான் செய்த ஸ்லைடை நான்தான் பேசுவேன்" என்ற உரிமை வந்துவிடுகிறது. அதன் பிறகு வரிசையை மாற்றினால் மனக்கசப்புதான் மிஞ்சும். ஆகவே இந்த வேலையை ஸ்லைடுக்கு முன்பே முடித்துவிடுங்கள். நான்கு பேருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.

## 1. முதலில் பகுதிகளை எடை போடுங்கள், ஆட்களை அல்ல

எல்லாரும் "யார் முதலில்?" என்ற கேள்வியோடு உட்காருகிறார்கள். அந்தக் கேள்வி வந்த உடனே பேச்சு ஆட்களைப் பற்றியதாகிவிடும். எந்தப் பகுதி எவ்வளவு கனமானது என்பதை அப்புறம் யாரும் பார்க்க மாட்டார்கள். ஆகவே ஆட்களின் பெயரே இல்லாமல் பகுதிகளை மட்டும் மேசையில் வையுங்கள்.

ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு கேள்வி. கேட்பவர் இந்தப் பகுதியைத் தவறவிட்டால் அவர் எடுக்கும் முடிவு மாறுமா? இந்தப் பகுதியிலிருந்து கடினமான கேள்வி வருமா? இரண்டுக்கும் ஆம் என்றால் கனமான பகுதி. ஒன்றுக்கு மட்டும் ஆம் என்றால் நடுத்தரம். இரண்டுக்கும் இல்லை என்றால் இலகு.

கிடங்குக் குழுவில் நான்கு பகுதிகள் வந்தன. இப்போது என்ன சிக்கல் என்பது இலகுவானது. நிர்வாகத்துக்கு அது ஏற்கெனவே தெரியும், அதை மறுக்கவும் போவதில்லை. பழைய தரவைப் புதிய மென்பொருளுக்கு இழப்பில்லாமல் மாற்றுவது எப்படி என்பது கனமானது. கால அட்டவணையும் பயிற்சியும் நடுத்தரம். கேள்வி வரும், ஆனால் அதனால் முடிவு மாறாது. செலவும் ஒப்புதல் கோரிக்கையும் மறுபடி கனமானது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, உழைப்பை எடையாக எண்ணிவிடுவது. கள ஆய்வாளர் ஒரு வாரம் கிடங்கில் நின்றிருந்தார். அவ்வளவு உழைத்த பகுதியை இலகு என்று சொன்னபோது அவர் முகம் வாடியது. ஆனால் எடை என்பது நாம் பட்ட பாட்டைப் பொறுத்தது அல்ல; கேட்பவர் அதை வைத்து என்ன செய்யப் போகிறார் என்பதைப் பொறுத்தது. இதை மென்மையாக, ஆனால் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

எல்லாப் பகுதியும் கனமானது என்று வந்தால், உங்கள் பகுதிகள் பெரிதாக இருக்கின்றன என்று பொருள். ஒவ்வொன்றையும் இரண்டாக உடைத்து மறுபடி கேளுங்கள்.

## 2. தன்னம்பிக்கையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள், சோதித்துப் பாருங்கள்

"உனக்குப் பேச வருமா?" என்று கேட்டால் வரும் பதிலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உளவியலில் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். 1998-இல் தாமஸ் கிலோவிச்சும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் காட்டியது இது: நம் உள்ளே நடப்பது வெளியே எவ்வளவு தெரிகிறது என்பதை நாம் மிகைப்படுத்தியே எண்ணுகிறோம். மேடையில் பேசுவதிலும் இது அப்படியே நடக்கிறது. உள்ளே நெஞ்சு படபடக்கும் ஒருவர், அது எல்லாருக்கும் தெரிகிறது என்று நம்புகிறார். கேட்பவருக்கோ அவர் நினைக்கும் அளவுக்குத் தெரிவதில்லை. "நான் பேசவே மாட்டேன்" என்று ஒதுங்குகிறவர்களில் சிலர், கேட்பவர் கண்ணுக்கு நிதானமாகவே இருப்பதற்கு இதுதான் காரணம்.

அதோடு, தன்னம்பிக்கை என்பது ஒரே பொருள் அல்ல. தொடங்குவதற்கு வேண்டியது ஒரு வகை, முடிப்பதற்கு வேண்டியது வேறு வகை. ஆகவே ஒவ்வொருவருக்கும் மூன்று சிறு சோதனை வையுங்கள். ஓர் ஆளுக்கு ஐந்தாறு நிமிடம்தான் ஆகும். எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்யுங்கள்.

தொடக்கச் சோதனை. அறைக்கு வெளியே போய், உள்ளே வந்து, நின்று, உடனே ஒரு நிமிடம் பேச வேண்டும். கையில் தாள் கூடாது. பிறகு பதிவைக் கேட்டு, முதல் 30 விநாடியில் எத்தனை சொற்கள், அடுத்த 30 விநாடியில் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அவர் முதல் நொடியிலிருந்தே நிலையாக இருக்கிறார். எங்கள் நிரலாளர் முதல் பாதியில் 70 சொற்களைக் கொட்டினார். அடுத்த பாதியில் 48. அவருக்குப் பேச வராது என்று இதற்குப் பொருள் இல்லை. நிலைபெற அவருக்கு அரை நிமிடம் வேண்டும், அவ்வளவுதான்.

குறுக்கீட்டுச் சோதனை. இரண்டு நிமிடம் பேசச் சொல்லி, நடுவில் கேள்விப் பட்டியலிலிருந்து ஒன்றைக் கேளுங்கள். பதில் சரியா என்பதைவிட, பதில் சொன்ன பிறகு அவர் விட்ட இடத்துக்குத் திரும்பி வருகிறாரா என்று கவனியுங்கள். திரும்பாமல் வேறு எங்கோ போகிறவர்கள் பலர். நன்றாகப் பேசுகிறவர் என்று பெயர் எடுத்தவர்களே இதில் அதிகம் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் அவர்கள் பேச்சை ஓட்டமாகவே மனத்தில் வைத்திருக்கிறார்கள்.

சுருக்கச் சோதனை. மூன்று நிமிடம் தருவதாகச் சொல்லுங்கள். பேசத் தொடங்கும் நேரத்தில் "மன்னிக்கணும், ஒரு நிமிஷம்தான் இருக்கு" என்று மாற்றுங்கள். சிலர் மூன்று நிமிடப் பேச்சையே வேகமாக ஓட்டப் பார்ப்பார்கள். சிலர் ஒரு விநாடி நின்று, முக்கியமான இரண்டு வரியைத் தேர்ந்தெடுத்துச் சொல்வார்கள். முடிப்பதற்கு வேண்டிய ஆள் இரண்டாவது வகை.

கிடங்குக் குழுவில் தொடக்கச் சோதனையில் கள ஆய்வாளரும் தலைவியும் நிலையாக இருந்தார்கள். குறுக்கீட்டில் தலைவியும் கணக்காளரும் தேறினார்கள். சுருக்கத்தில் கணக்காளர் மட்டுமே. அவர் குரல் மெலிது, முகத்தில் பெரிதாக உணர்ச்சி இல்லை. அவரைப் பேச்சாளர் என்று குழுவில் யாருமே நினைத்திருக்கவில்லை. தலைவியோ ஒரு நிமிடத்தில் முடிக்கச் சொன்னபோது இரண்டரை நிமிடம் எடுத்தார்.

## 3. முடிப்பவரை முதலில் தேர்ந்தெடுங்கள்

வரிசையைத் தொடக்கத்திலிருந்து நிரப்பிக்கொண்டே வந்தால் கடைசி இடம் மிச்சமிருப்பவருக்குப் போகும். அதனால் கடைசி இடத்தை முதலில் நிரப்புங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

முடிப்பவருக்கு மூன்று சுமை உண்டு. முன்னால் பேசியவர்கள் விட்டுவைத்த நேரம்தான் அவருக்குக் கிடைக்கும். அது எவ்வளவு என்று பேச எழும்வரை தெரியாது. கோரிக்கையை அவர்தான் வைக்க வேண்டும். அவர் வாய் மூடியதும் கேள்விகள் தொடங்கும். முதல் கேள்வி பெரும்பாலும் அவர் கடைசியாகச் சொன்னதிலிருந்தே வரும். ஆகவே சுருக்கச் சோதனையில் தேறியவர்களுக்குள் குறுக்கீட்டிலும் தேறியவர் யாரோ, அவரே முடிப்பவர். குரல் வளமும் கம்பீரமும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

முடிவுப் பகுதியின் கனமும் அவருடையதாகவே இருக்க வேண்டும். செலவைக் கணக்குப் போட்டவர் ஒருவர், கோரிக்கையை வைப்பவர் வேறொருவர் என்றால், "இந்தத் தொகை எப்படி வந்தது?" என்ற முதல் கேள்விக்கே முடித்தவர் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். கேட்பவர்களின் நம்பிக்கை அந்த ஒரு திரும்பலில் குறைந்துவிடும். எங்கள் குழுவில் சோதனையில் தேறியவரும் கணக்காளர், செலவுப் பகுதிக்குச் சொந்தக்காரரும் கணக்காளர். இரண்டும் ஒரே ஆளிடம் அமைந்தது வசதியாகிவிட்டது.

அமையாவிட்டால்? சோதனையில் தேறியவரிடம் முடிவைக் கொடுத்து, அந்தப் பகுதியின் விவரங்களை அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். நான்கு நிமிடப் பகுதியை ஒருவர் இரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம். நேரம் சுருங்கும்போது தானும் சுருங்கத் தெரிவதை இரண்டு நாளில் கற்றுக்கொள்ள முடியாது.

பதவியைப் பார்த்துக் கடைசி இடத்தைக் கொடுப்பது இன்னொரு பழக்கம். "தலைவிதானே முடிக்கணும்" என்று குழுவில் எல்லாருமே சொன்னார்கள். நேரம் மீறிப் பேசுகிறவரைக் கடைசியில் வைத்தால் கேள்வி நேரம்தான் கரையும். தலைவிக்கு வேறு ஒரு நல்ல வேலை இருக்கிறது, கீழே வருகிறேன்.

## 4. அப்புறம் தொடங்குபவர்

முதல் நிமிடத்தில் கேட்பவர்கள் இன்னும் முழுதாக வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். நாற்காலி இழுப்பார்கள், கைபேசியை ஒலியடக்குவார்கள், யார் இவர்கள் என்று பார்ப்பார்கள். அந்த நேரத்தில் கனமான பகுதியைச் சொன்னால் அது வீண். ஆகவே தொடக்கத்துக்கு இலகுவான பகுதி, நிலையான ஆள். எங்கள் குழுவில் தற்போதைய சிக்கல் என்ற பகுதி இலகு. அதன் சொந்தக்காரரான கள ஆய்வாளர் தொடக்கச் சோதனையில் நிலையானவர். மூன்று நிமிடம் அவருக்கு.

முன்பு அவர் முகம் வாடியதைச் சொன்னேன் அல்லவா? தொடக்கம் தனக்குத்தான் என்றதும் அது மாறியது. இலகு என்பதற்கு அற்பம் என்று பொருள் இல்லை. கேட்பவர்கள் எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பகுதி என்று பொருள். அப்படிப்பட்ட பகுதியில் தொடங்கினால்தான் அறை முதலில் தலையாட்டத் தொடங்கும்.

தொடங்குபவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரு காட்சி, அதிலிருந்து ஒரு கேள்வி, அந்தக் கேள்விக்கு யார் எதைச் சொல்லப் போகிறார்கள் என்று ஒரு வரி. கள ஆய்வாளர் இப்படித் தொடங்கினார்: "ஒரு பெட்டி எங்கே இருக்கிறது என்று தேட, ஒருவர் மூன்று பதிவேடுகளைப் புரட்டியதை நின்று பார்த்தேன்." நால்வரின் பெயர், பொறுப்பு, அனுபவம் என்று அறிமுகத்திலேயே ஒன்றரை நிமிடத்தைச் செலவழிக்கும் குழுக்கள் உண்டு. பெயரை அவரவர் பேச வரும்போது சொன்னால் போதும்.

நன்றாகப் பேசும் ஆள் ஒருவர்தான் இருக்கிறார், அவரை எங்கே வைப்பது என்று கேட்பார்கள். கடைசியில் வையுங்கள். தொடக்கம் சுமாராக இருந்தால் அதைச் சரிசெய்ய இன்னும் 17 நிமிடம் இருக்கிறது. முடிவு சுமாராக இருந்தால் சரிசெய்ய யாரும் மிச்சமில்லை.

அவரே தொடங்கி அவரே முடிக்கலாமா? மூன்று பேர் குழுவில், தனித்தனி மதிப்பெண் இல்லாத இடத்தில் செய்யலாம். நான்கு, ஐந்து பேர் என்றால் நடுவில் வருகிறவர்கள் உதவிக்கு வந்தவர்கள் போலத் தெரிவார்கள். ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் உண்டென்றால் அது அவர்களுக்குச் செய்யும் அநியாயமும் கூட.

## 5. கனமான பகுதி நடுங்குகிறவரிடம் இருந்தால்

அதிகம் தடுமாறும் இடம் இது. எங்கள் நிரலாளர் அப்படித்தான். தரவு மாற்றம்தான் பேச்சின் முதுகெலும்பு. அதை அவரைப்போல அறிந்தவர் வேறு யாரும் இல்லை. ஆனால் முதல் அரை நிமிடம் அவர் சொல்வது யாருக்கும் புரியாது.

குழுக்கள் இதற்கு இரண்டு வழிகளை எடுக்கின்றன. இரண்டுமே தவறு. ஒன்று, பகுதியை அவரிடமிருந்து பிடுங்கி நன்றாகப் பேசுகிறவரிடம் கொடுப்பது. பேச்சு அழகாக வரும். முதல் ஆழமான கேள்வியில் கவிழும். இன்னொன்று, அவரைக் கடைசியில் போடுவது. காத்திருக்கும் 15 நிமிடமும் அவர் பதற்றம் ஏறிக்கொண்டே போகும்.

அவரை இரண்டாவதாகப் போடுங்கள். முதலாவது அல்ல, ஏனென்றால் அறை இன்னும் அடங்கவில்லை. மூன்றாவது அல்ல, ஏனென்றால் காத்திருப்பு நீளும். இரண்டாவதாக வரும்போது அறை அமைதியாகியிருக்கும். தொடங்கியவர் ஏற்படுத்திய நல்ல மனநிலை இன்னும் இருக்கும். காத்திருப்பும் மூன்றே நிமிடம்.

அப்புறம் பகுதியைப் பிடுங்காமல் பிரியுங்கள். அதன் முடிவு வாக்கியத்தைத் தொடங்குபவர் சொல்லிவிட வேண்டும். ஆதாரத்தை நிரலாளர் சொல்ல வேண்டும். கள ஆய்வாளர் கைமாற்றும்போது, "பழைய தரவில் ஒரு வரிகூட இழக்காமல் மாற்ற முடியும். எப்படி என்பதை இதைச் செய்து பார்த்தவரே சொல்வார்" என்றார். இப்போது நிரலாளரின் முதல் அரை நிமிடம் பதறினாலும் முக்கியமான வரி ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. எதையும் நிரூபிக்க வேண்டிய பாரம் இல்லாமல், தான் செய்ததைச் செய்த வரிசையில் சொன்னால் அவருக்குப் போதும்.

அவரது முதல் மூன்று வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம். முழுவதையும் மனப்பாடம் செய்தவருக்கு ஒரு சொல் நழுவினால் அடுத்தடுத்து எல்லாமே நழுவும். முதல் மூன்று வாக்கியங்கள் குட்டையாகவும் நிறுத்தி நிறுத்திச் சொல்லக்கூடியதாகவும் இருக்கட்டும். "மூன்று முறை சோதித்தோம். முதல் முறை தோற்றோம். ஏன் தோற்றது என்று சொல்கிறேன்." வேகமாகச் சொல்ல நினைத்தாலும் இந்த வாக்கியங்கள் ஓட விடாது.

## 6. ஒருவர் முடித்து அடுத்தவர் எடுக்கும் வரிகள்

"இப்போது அடுத்தவர் பேசுவார்" என்பது கைமாற்றம் அல்ல. கைமாற்றும் வரியில் இரண்டு இருக்க வேண்டும்: நான் எதை முடித்தேன், அதனால் எந்தக் கேள்வி எழுகிறது. அடுத்தவர் அந்தக் கேள்விக்கான பதிலிலிருந்து தொடங்குவார்.

இதை எழுதிவைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1973-இல் மால்கம் பிரென்னர் என்ற உளவியல் ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சொற்களை வாசித்தார்கள். பிறகு கேட்டபோது, தங்கள் முறைக்குச் சற்று முன்பு வாசிக்கப்பட்ட சொற்களை அவர்களால் மிகக் குறைவாகவே நினைவுகூர முடிந்தது. அடுத்து நாம்தான் என்ற நிலையில் காது திறந்திருந்தாலும் உள்ளே அதிகம் பதிவதில்லை.

குழுப் பேச்சில் இதை நேராகவே பார்க்கலாம். முன்னவர் சொன்ன அதே வாக்கியத்தை அடுத்தவர் மறுபடி சொல்வார். முன்னவர் "இதைப் பிறகு சொல்வார்கள்" என்று தள்ளிவைத்ததை அடுத்தவர் தொடவே மாட்டார். கவனக்குறைவு என்று திட்டிப் பயனில்லை; அந்த நிமிடத்தில் கேட்பது எல்லாருக்குமே கடினம். ஆகவே அந்த இடத்தில் யாருடைய நினைவையும் நம்பாமல், ஒவ்வொரு கைமாற்றத்திலும் முன்னவரின் கடைசி வரியும் பின்னவரின் முதல் வரியும் எழுத்தில் முடிவாகிவிட வேண்டும். நான்கு பேர் என்றால் மூன்று கைமாற்றம், ஆறு வரி.

முடிப்பவருக்கு இது இன்னும் முக்கியம். "இதுவரை நண்பர்கள் சொன்னதைத் தொகுத்தால்" என்று அவர் தொடங்கக் கூடாது. மூன்றாவது ஆள் சொன்னது அவர் காதில் விழுந்திருக்காது. அவரது முதல் வரி தொடக்கக் காட்சியோடு இணையட்டும். அது முன்பே முடிவானது, மாறாதது. கணக்காளர் எழுந்ததும், "அந்த மூன்று பதிவேடுகளுக்கு இன்று நாம் கொடுக்கும் விலை இது" என்றார். இடையில் யார் என்ன மாற்றிச் சொல்லியிருந்தாலும் அந்த வரி நின்றிருக்கும்.

## 7. கேள்விக்குப் பிறகும் ஒரு முடிவு வேண்டும்

முதலில் கேட்டதும் கடைசியில் கேட்டதும் நினைவில் அதிகம் நிற்கும் என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். சொற்பட்டியலை வாசித்துக்காட்டிய சோதனைகளில் அது தெளிவாக வருகிறது. ஆனால் 1966-இல் கிளான்சர், குனிட்ஸ் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் செய்த சோதனையில் இன்னொன்றும் வந்தது. பட்டியல் முடிந்ததும் 30 விநாடி எண்களை எண்ணவைத்தபோது, கடைசிச் சொற்களுக்கு இருந்த அந்தச் சலுகை போய்விட்டது. பேச்சு சொற்பட்டியல் அல்ல, அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்: உங்கள் முடிவுரைக்குப் பிறகு 10 நிமிடம் கேள்வி நடந்தால், அறை கடைசியாகக் கேட்பது உங்கள் முடிவுரையை அல்ல, கடைசிக் கேள்வியின் பதிலை. அது பெரும்பாலும் ஏதோ ஒரு சிறு விவரமாக இருக்கும்.

ஆகவே முடிப்பவருக்கு இரண்டு முடிவு எழுதுங்கள். கேள்விக்கு முன் நான்கு நிமிடம், கேள்விக்குப் பின் 20 விநாடி. பின்னதில் கோரிக்கை மட்டும் இருக்கட்டும். கணக்காளருடையது இரண்டே வாக்கியம்: எதற்கு ஒப்புதல் வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும்.

தலைவியின் வேலையும் இங்கேதான். கேள்விகளை அவர் வாங்கி, யார் பதில் சொல்வது என்று பெயர் சொல்லிக் கொடுப்பார். நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்து, இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறக்கும் காட்சி அப்போது வராது. எல்லாப் பகுதியும் தெரிந்தவர், குறுக்கீட்டில் தேறியவர், பதவியும் உள்ளவர் என்பதால் அது அவருக்குப் பொருந்தியது. பேச்சில் அவர் மூன்றாவதாகக் கால அட்டவணையைச் சொன்னார்.

கடைசியில் வந்த வரிசை: கள ஆய்வாளர் 3 நிமிடம், நிரலாளர் 7, தலைவி 5, கணக்காளர் 4. மீதி ஒரு நிமிடம் கைமாற்றங்களுக்கு.

## 8. ஒத்திகையைப் பின்னாலிருந்து தொடங்குங்கள்

ஒவ்வொரு ஒத்திகையையும் முதல் வரியிலிருந்து தொடங்கினால், தொடக்கம் பத்து முறை பழகியிருக்கும், முடிவு இரண்டு முறைதான் பழகியிருக்கும். நடுவில் ஏதோ ஒரு விவாதம் வந்து ஒத்திகை பாதியில் நின்றுவிடுவதே வழக்கம். முதல் ஒத்திகையில் முடிப்பவர் மட்டும் பேசட்டும். இரண்டாவதில் கடைசி இருவர். பிறகு எல்லாரும்.

ஒரு முழு ஒத்திகையில், முடிப்பவருக்குச் சொல்லாமல் மூன்றாவது ஆளை மூன்று நிமிடம் கூடுதலாகப் பேசச் சொல்லுங்கள். முடிப்பவர் எதை வெட்டுகிறார் என்று பாருங்கள். கோரிக்கையை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் சொன்னால் அவர் இன்னும் தயாராகவில்லை. எங்கள் கணக்காளர் முதல் முறை அதைத்தான் செய்தார். அதன் பிறகு தன் தாளில் நான்கு நிமிடம், இரண்டு நிமிடம், ஒரு நிமிடம் என்று மூன்று அளவுகளை எழுதிவைத்துக்கொண்டார். மூன்றிலும் கோரிக்கை முதல் 20 விநாடிக்குள் வந்துவிடும்படி மாற்றினார்.

ஒத்திகையில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் நிற்கும் விதத்தையும் பாருங்கள். நிரலாளர் பேசும்போது மற்ற மூவரும் தங்கள் தாளைப் படித்துக்கொண்டிருந்தால், அந்தப் பகுதி முக்கியமில்லை என்று அறைக்குத் தோன்றும். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

## 9. இந்த வரிசை பொருந்தாத இடங்கள்

கேட்பவர்கள் முதல் நிமிடத்திலிருந்தே குறுக்கே கேள்வி கேட்கும் வழக்கம் உள்ளவர்கள் என்றால் இலகுவான தொடக்கம் எடுபடாது. "விஷயத்துக்கு வாங்க" என்பார்கள். அங்கே கோரிக்கையை முதல் வரியிலேயே வைத்துவிட வேண்டும். குறுக்கீட்டில் தேறியவர்தான் தொடங்க வேண்டும். முடிப்பவர் அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவராக இருந்தால் போதும், ஏனென்றால் அப்படிப்பட்ட கூட்டத்தில் முடிவு பெரும்பாலும் பத்தாவது நிமிடத்திலேயே எடுக்கப்பட்டுவிடும். எந்த வகைக் கூட்டம் என்று தெரியாவிட்டால், அவர்கள் முன் ஏற்கெனவே பேசிய ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

யார் எதைப் பேச வேண்டும் என்பது மதிப்பெண் விதியிலேயே இருந்தால் பகுதிகளை மாற்ற முடியாது. அப்போது கைமாற்றும் வரிகளில் மட்டும் வேலை செய்யுங்கள்: கனமான வாக்கியங்களை முன்னவரின் கடைசி வரியில் சேர்த்துவிடலாம்.

இரண்டே பேர் என்றால் இவ்வளவு சோதனை தேவையில்லை. சுருக்கத் தெரிந்தவர் இரண்டாவது.

## 10. அன்று ஒருவர் வராவிட்டால்

முடிப்பவருக்கும் தொடங்குபவருக்கும் மாற்று ஆளை முன்பே பெயர் சொல்லி வைத்திருங்கள். நடுவில் பேசுகிறவர் வராவிட்டால் அவர் பகுதியின் முடிவு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நகரலாம். ஓரங்களில் இருப்பவர் வராவிட்டால் அது முடியாது.

தொடங்குபவருக்கு மாற்று, தொடக்கச் சோதனையில் இரண்டாவதாக வந்தவர். முடிப்பவருக்கு மாற்று, குறுக்கீட்டில் தேறிய மற்றொருவர். ஆனால் அவருக்கு ஒரு நிமிட அளவை மட்டும் கொடுங்கள். எங்கள் குழுவில் இரண்டுக்கும் தலைவிதான் மாற்று. கணக்காளர் அன்று காலை காய்ச்சலோடு வந்ததால், அந்த ஒரு நிமிடத் தாள் தலைவியின் கையில் மடித்து இருந்தது. கணக்காளரே கடைசிவரை பேசிவிட்டார். தாளைப் பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆனால் கணக்காளர் எழுந்து நின்றபோது மற்ற மூவரும் பதறாமல் இருந்ததற்கு அந்தத் தாளும் ஒரு காரணம்.